ஆண்டு விழாத் தலைமையுரை: பிள்ளைகளுக்கு விளங்கும்படி என்ன பேசுவது?

வடலி | செப்டம்பர் 9, இரவு 10.15

ஸ்காபரோவில் எங்கள் ஊர்ச்சங்கத்துக்கு இந்த வருடம் என்னைத் தலைவராகத் தெரிவு செய்திருக்கிறார்கள். ஆண்டு விழா நவம்பர் கடைசிச் சனிக்கிழமை. விளக்கேற்றல், கனடா கீதம், தமிழ்த்தாய் வாழ்த்து, அகவணக்கம், வரவேற்புரை, இரண்டு நடனம், அதற்குப் பிறகு தலைமையுரை. மண்டபத்தில் 350 பேர் இருப்பார்கள். மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள்.

போன வருட விழாவை அக்காவின் மகன் பின்வரிசையில் நின்று வீடியோ எடுத்திருந்தான். நேற்று அதைப் போட்டுப் பார்த்தேன். தலைமையுரை 24 நிமிடம். நான்காவது நிமிடத்தில் முதல் பிள்ளை எழும்புகிறது. பத்தாவது நிமிடத்தில் நடைபாதையில் பந்து உதைக்கிற சத்தம் வீடியோவிலேயே கேட்கிறது. பேசியவர் இந்தச் சங்கத்துக்காக ஓடி ஓடி உழைத்தவர், அவரில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்த உரை இங்கே வளரும் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது. அதைக் கேட்க அவர்கள்தான் உள்ளே இருக்கவில்லை.

எவ்வளவு நேரம் பேசலாம்? எந்த மொழியில்? எதைப் பற்றி? என் வரைவின் முதல் வசனம் இது:

"உலகின் தொன்மையான மொழிகளுள் ஒன்றான நம் தாய்மொழியின் விழுமியங்களைப் புலம்பெயர் மண்ணில் பேணிக்காத்து அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பது நம் தலையாய கடமையாகும்."

முத்தமிழ்நேசன் | செப்டம்பர் 9, இரவு 11.02

நல்ல தொடக்கம். அதற்கு முன்னால் "கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே" என்ற வரியைச் சொல்லுங்கள். கல்லுக்கும் மண்ணுக்கும் முந்தியது எங்கள் மொழி என்று சங்க இலக்கியமே சொல்கிறது என்றால் பிள்ளைகளுக்குப் பெருமை வரும். கனடா நாடாளுமன்றம் தை மாதத்தைத் தமிழ் மரபுத் திங்கள் என்று சட்டமாக்கியதையும் சொல்லுங்கள். 20 நிமிடத்துக்குக் குறைந்தால் அது தலைமையுரை ஆகாது.

எடிசன்அம்மா | செப்டம்பர் 10, காலை 7.30

நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம், சொந்த ஊர் திருச்சி. என் பையனுக்கு ஒன்பது வயது. போன ஆண்டு விழாவில் அவனும் பேசினான். நான் எழுதிக் கொடுத்து, மூன்று வாரம் மனப்பாடம் செய்ய வைத்தேன். மேடையில் மூன்றாவது வரியில் மறந்துவிட்டான். அழுதுகொண்டே இறங்கி வந்தான். உங்கள் பிள்ளைக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

வடலி | செப்டம்பர் 10, காலை 8.05

அக்கா, பேசப்போவது பிள்ளை இல்லை, நான். ஆனாலும் நீங்கள் சொன்னது உதவுகிறது. மனப்பாடம் செய்த பகுதி அவனுக்கு விளங்கியதா?

எடிசன்அம்மா | செப்டம்பர் 10, மதியம் 12.40

அடடா, தப்பாகப் படித்துவிட்டேன். இல்லை, விளங்கவில்லை. "கசடற" என்றால் என்ன என்று காரில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் கேட்டான். மூன்று வாரமும் நான் அதைச் சொல்லித் தரவே இல்லை.

பழையவாத்தி | செப்டம்பர் 10, இரவு 9.20

முத்தமிழ்நேசன் சொன்னதில் இரண்டைத் திருத்த வேண்டும். அந்த வரி சங்க இலக்கியம் இல்லை. புறப்பொருள் வெண்பாமாலையில் வருகிறது. அது சங்க காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்திய இலக்கண நூல். வரி பேசுவதும் மொழியைப் பற்றி இல்லை. பகைவர் கவர்ந்து போன மாடுகளை மீட்கப் போகும் மறக்குடியின் பழமையைப் பற்றி. "வாளோடு முன்தோன்றி மூத்த குடி" என்று முடியும் பாதியை மேடையில் யாரும் சொல்வதில்லை.

மற்றது, சட்டம் இயற்றியது ஒன்ராறியோ மாகாணம், 2014இல். ஒட்டாவாவில் 2016இல் நிறைவேறியது மக்களவைத் தீர்மானம். இரண்டும் ஒன்றல்ல. இங்கே பத்தாம் வகுப்பில் குடிமையியல் எல்லோருக்கும் கட்டாயம், அந்தப் பாடம் படித்த பிள்ளை உங்கள் மண்டபத்தில் இருக்கும். தலைவர் ஓர் இடத்தில் பிழை விட்டால் மிச்சம் எல்லாவற்றையும் அந்தப் பிள்ளை சந்தேகத்தோடுதான் கேட்கும்.

வடலி, உங்கள் வரைவுக்கு இப்போது கருத்துச் சொல்ல மாட்டேன். வீட்டில் பிள்ளை இருந்தால் அதை வாசித்துக் காட்டுங்கள். விளங்காத சொல் வந்தால் கையைத் தூக்கச் சொல்லுங்கள். பிறகு கதைப்போம்.

வடலி | செப்டம்பர் 12, இரவு 9.50

வாசித்தேன். மகளுக்கு எட்டு வயது. அந்த ஒரு வசனத்தில் ஆறு தரம் கை தூக்கினாள். தொன்மை, விழுமியம், புலம்பெயர், பேணி, கையளிப்பது, தலையாய. "தலையாய" என்றதும் "ஆற்றை தலை?" என்று கேட்டாள். வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டோம். அவள் சிரிக்கவில்லை, முகம் சுருங்கிப் போனது. அது எனக்குச் சுட்டது.

அரை மணி நேரத்துக்குப் பிறகு அவளுடைய அம்மம்மா குசினியில் இருந்து, "பிள்ளை, பால் பொங்கி வழியுது, ஓடிப்போய் அடுப்பை நிப்பாட்டு" என்று கூப்பிட்டா. இவள் ஓடிப்போய் நிறுத்தினாள். யாரும் மொழிபெயர்க்கவில்லை. அப்படியென்றால் இவளுக்குத் தமிழ் தெரியும். நான் எழுதிய தமிழ்தான் இவள் கேட்டறியாத தமிழ்.

பழையவாத்தி | செப்டம்பர் 12, இரவு 10.30

அதுதான் விஷயம். 22 வருடம் சனிக்கிழமை வகுப்பு எடுத்தவன் நான். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். அதில் எழுத்துப் படிப்பிக்கலாம், வாசிக்கப் பழக்கலாம். மேடைத்தமிழ் காதுக்குப் பழக அது போதாது. இந்தப் பிள்ளைகளின் தமிழ் குசினியிலும் காரிலும் தொலைபேசியிலும் கேட்ட தமிழ். உறவு, சாப்பாடு, கோபம், நோய், பயணம், கோயில் இவற்றை அதில் தாராளமாகச் சொல்லலாம். பண்பாடு, மரபு, அடையாளம் என்று போனால் அதில் சொல் இருக்காது. ஆகவே உரை கதையாக இருக்க வேண்டும். ஒரு மனிதர், ஓர் இடம், ஒரு நாள்.

யாருக்குப் பேசுவது என்பதையும் முடிவு செய்யுங்கள். ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களை மேடையால் பிடித்து வைக்க முடியாது, விட்டுவிடுங்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுவரை உள்ளவர்கள் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்பவர்கள். அவர்களைப் பார்த்துப் பேசுங்கள். பெரிய பிள்ளைகளும் கேட்பார்கள்.

இன்னொன்று, ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னால் ஆங்கிலம் சொல்ல வேண்டாம். நானும் ஒரு காலத்தில் அப்படிச் செய்தேன். மூன்றாவது வசனத்திலேயே பிள்ளைகள் தமிழைக் கேட்பதை விட்டுவிட்டு ஆங்கிலத்துக்குக் காத்திருக்கத் தொடங்கினார்கள். நேரமும் இரட்டிப்பாகிறது. தமிழில் முழுக்கச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லுங்கள், போதும்.

முத்தமிழ்நேசன் | செப்டம்பர் 13, காலை 6.45

திருத்தத்துக்கு நன்றி ஐயா. அந்த வரியை முப்பது வருடமாக மேடைகளில் சொல்லி வந்திருக்கிறேன், இனிமேல் சொல்ல மாட்டேன்.

ஆனால் மேடையில் பேச்சுத்தமிழை என்னால் ஏற்க முடியவில்லை. முன்வரிசையில் எண்பது வயதுக்காரர்கள் இருப்பார்கள். நல்ல தமிழைக் காதால் கேட்க இங்கே அவர்களுக்கு வருடத்தில் எத்தனை நாள் கிடைக்கிறது? ஊரில் கோயில் பிரசங்கமும் பட்டிமன்றமும் கேட்டு வளர்ந்தவர்கள். பிள்ளைகளை உள்ளே இழுக்கிறோம் என்று அவர்களை வெளியே விடலாமா?

பனிக்காலம் | செப்டம்பர் 13, இரவு 11.55

என் தமிழில் பிழை இருந்தால் மன்னிக்கவும். எனக்கு 19 வயது. இங்கே பிறந்தேன். இப்படிப்பட்ட விழாவுக்குப் பதினைந்து தடவை போயிருக்கிறேன்.

எல்லா உரையிலும் எங்களுக்குப் பேச்சு விழும். நீங்கள் தமிழ் கதைக்கிறதில்லை, நீங்கள் மறந்துவிட்டீர்கள். நாங்கள் வந்திருக்கிறோம், வராத பிள்ளைகளுக்கான பேச்சும் எங்களுக்கே விழுகிறது. பத்து வயதில் நடைபாதைக்குப் போகப் பழகினேன்.

1986இல் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகில் எங்கள் ஆட்கள் நியூபவுண்ட்லாந்துக்கு வந்த கதையை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. போன வருடம் கல்லூரியில் வேறு எதையோ தேடும்போது இணையத்தில் பார்த்தேன். இரவு முழுக்க வாசித்தேன். இதை ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை என்று அம்மாவுடன் சண்டை பிடித்தேன். அம்மா அழுதா. நாங்கள் விமானத்தில் வந்தவர்கள், அது வேறு கதை என்றா.

வடலி | செப்டம்பர் 14, காலை 9.10

பனிக்காலம், இதைப் படித்துவிட்டு நீண்ட நேரம் சும்மா இருந்தேன். என் வரைவின் இரண்டாவது பக்கத்தில் "தமிழ் பேசத் தயங்கும் இளையோரே" என்று ஒரு பந்தி இருந்தது. அழித்துவிட்டேன்.

படகுக் கதைதான் என் உரை. முடிவு செய்துவிட்டேன்.

வடலி | செப்டம்பர் 28, இரவு 8.30

இரண்டாவது வரைவின் சுருக்கம்: 1986 ஆவணியில் 152 தமிழர்கள் இந்தியாவில் இருந்து கப்பலில் புறப்பட்டு, நியூபவுண்ட்லாந்துக் கடலில் இறக்கி விடப்பட்டு, இரண்டு படகுகளில் மூன்று நாள் மிதந்தார்கள். கஸ் டால்ட்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் காப்பாற்றினார். கனடா அவர்களை வரவேற்றது.

பழையவாத்தி | செப்டம்பர் 28, இரவு 10.05

மூன்று இடம் திருத்த வேண்டும். முதல் செய்திகளில் 152 என்று வந்தது, சரியான எண்ணிக்கை 155. நாள் ஆகஸ்ட் 11.

இரண்டாவது, அவர்கள் கப்பல் ஏறியது இந்தியாவில் இல்லை, மேற்கு ஜெர்மனியில். இந்தியாவில் இருந்து வந்ததாக முதலில் அவர்களே சொன்னார்கள். ஜெர்மனியில் இருந்து வந்தோம் என்றால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். சில நாளிலேயே உண்மை வெளியே வந்தது.

மூன்றாவது, "கனடா வரவேற்றது" என்று ஒரே சொல்லில் கடந்து போகாதீர்கள். உண்மை தெரிந்ததும் நாட்டில் கோபம் கிளம்பியது. இருந்தும் தங்கவும் வேலை செய்யவும் ஒரு வருட அனுமதி கொடுத்தார்கள். இரண்டும் நடந்தது.

முத்தமிழ்நேசன் | செப்டம்பர் 28, இரவு 10.40

அந்தப் பொய்யைப் பிள்ளைகளிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? எங்கள் ஆட்கள் பொய் சொல்லித்தான் வந்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்வார்கள். உயிர் தப்பி வந்தவர்களை நாமே மேடையில் குற்றவாளியாக நிறுத்துவதா?

எடிசன்அம்மா | செப்டம்பர் 29, காலை 7.15

எனக்கும் தயக்கம்தான். என் பையனிடம் நான் பொய் சொல்லாதே என்று தினமும் சொல்கிறேன். பெரிய மேடையில் ஒருவர் "பயந்தால் சொல்லலாம்" என்பது மாதிரிப் பேசினால் வீட்டுக்கு வந்து என்ன விளக்குவது?

பனிக்காலம் | செப்டம்பர் 29, மாலை 4.20

கைபேசியில் பத்து விநாடியில் கிடைக்கும். மேடையில் மறைத்திருந்தால் நான் தலைவரைத்தான் நம்பாமல் விடுவேன், படகில் வந்தவர்களை இல்லை. அந்தப் பொய்தான் எனக்கு அவர்களை உண்மையான மனிதர் ஆக்கியது. மூன்று நாள் கடலில் கிடந்து கரைக்கு வந்த பிறகும் பயந்திருக்கிறார்கள் என்றால், எவ்வளவு பயம்?

வடலி | அக்டோபர் 5, இரவு 11.30

ஒரு வாரம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நானும் 1991இல் இங்கே வந்து இறங்கியபோது குடிவரவு அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லவில்லை. என்ன சொல்லவில்லை என்று மகளுக்கு இன்னும் சொன்னதில்லை. இந்த வசனத்தை வெட்டிவிட எனக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று யோசித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

வெட்டவில்லை. மூன்றாவது வரைவில் அந்த இடம் இப்படி வருகிறது, பேசப்போகிற மாதிரியே எழுதியிருக்கிறேன்:

"அண்டைக்குக் கடலில புகார் மூடி இருந்தது. கஸ் டால்ட்டன் மீன் பிடிக்கப் போனவர். தூரத்தில ரெண்டு சின்னப் படகு தெரிஞ்சுது. கிட்டப் போய்ப் பார்த்தார். மீன் இல்லை, ஆக்கள். ஒரு படகில இருக்கவேண்டிய ஆக்களைவிடக் கனபேர். 155 பேர். மூண்டு நாளாக் கடலில. எல்லாரும் எங்கட ஆக்கள்.

கரைக்கு வந்தாப் பிறகு எங்க இருந்து வந்தனீங்கள் எண்டு கேட்டினம். இந்தியா எண்டு சொல்லிச்சினம். அது உண்மையில்லை. ஜெர்மனியில இருந்து வந்தவை. திருப்பி அனுப்பிப் போடுவினமோ எண்டு பயம். பிறகு உண்மை தெரிஞ்சாப் போல இங்க கனபேருக்குக் கோபம். கோபம் வந்தும் ஆரையும் திருப்பிக் கடலில விடேல்லை."

மகளுக்கு வாசித்தேன். கை தூக்கவில்லை. "கப்பல்காரர் ஏன் அவையளை இறக்கி விட்டவர்?" என்று கேட்டாள். நான் நினைத்திராத கேள்வி. ஆட்களோடு துறைமுகத்துக்குள் போனால் பிடிபடுவார் என்று பதில் சொன்னேன். அந்த வரியையும் சேர்த்துவிட்டேன்.

முழு உரை 430 சொல். மேடையில் நான் நிறுத்தி நிறுத்தி வாசித்தால் நிமிடத்துக்கு 80 சொல் போகிறது. ஐந்தரை நிமிடம், ஆங்கிலத்துக்கு ஒன்று. அனுசரணையாளர்களின் பெயர்களை உரையில் இருந்து எடுத்து, நன்றியுரைக்கும் ஆண்டு மலருக்கும் மாற்றச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

பழையவாத்தி | அக்டோபர் 6, காலை 10.00

"ஆரையும் திருப்பிக் கடலில விடேல்லை" நல்ல வசனம். ஆனால் அது 155 பேரைப் பற்றி மட்டும் உண்மை. எல்லோரையும் எப்போதும் கனடா அப்படி நடத்தியது என்று பிள்ளை எடுத்துக்கொள்ளக் கூடாது. 2010இல் 492 பேரோடு மேற்குக் கரைக்கு வந்த சன் சீ கப்பல் ஆட்களை, குழந்தைகளோடு வந்த தாய்மாரையும் சேர்த்து, தடுத்து வைத்தார்கள். அதை ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். "அந்த முறை" என்று இரண்டு சொல் மட்டும் சேருங்கள்.

முத்தமிழ்நேசன் | அக்டோபர் 11, காலை 6.20

எனக்கு ஒன்று தோன்றியது. இந்த முறை நூலைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். "யாதும் ஊரே" என்ற முதல் வரியை எல்லா மேடையிலும் சொல்கிறோம், பாட்டின் நடுவில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. மழை பெய்து, கல்லில் மோதி இரைந்து ஓடும் பெரிய ஆறு. அதில் "நீர்வழிப் படூஉம் புணைபோல்" உயிர் போகிறது என்கிறார் கணியன் பூங்குன்றனார். புணை என்றால் தெப்பம். புறநானூறு 192. படகுக் கதை சொன்ன பிறகு அந்தப் பகுதியை முழுதாகப் பழைய தமிழிலேயே சொல்லுங்கள். முன்வரிசைக்கு அது போதும்.

பழையவாத்தி | அக்டோபர் 11, காலை 9.40

இத்தனை வருடம் இதைப் படிப்பித்தேன், இந்தப் படகுகளோடு சேர்த்துப் பார்த்ததில்லை. நன்றி ஐயா.

வடலி | அக்டோபர் 12, இரவு 9.05

சேர்க்கிறேன். "புணை" மகளுக்குத் தெரியவில்லை, "தெப்பம்" தெரிந்தது. கோயில் தெப்பத் திருவிழாவைத் தொலைபேசியில் பார்த்திருக்கிறாள்.

வடலி | நவம்பர் 30, மாலை 3.15

நேற்று விழா முடிந்தது. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

உரை ஏழு நிமிடம் பிடித்தது. முதல் நிமிடத்தில் ஒலிவாங்கி இரைந்ததால் நிறுத்தித் திரும்பத் தொடங்கினேன். மருமகன் மறுபடியும் பின்னால் நின்று எடுத்தான். சின்னப் பிள்ளைகள் போனார்கள், வாத்தியார் சொன்ன மாதிரியே. எட்டு, பத்து வயதுக்காரரில் நான்கு பேர் எழும்பினார்கள். அதில் இருவர் "மீன் இல்லை, ஆக்கள்" என்ற இடத்தில் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அங்கேயே நின்று மிச்சத்தைக் கேட்டார்கள். அந்த இடத்தை இன்று காலை மூன்று தரம் போட்டுப் பார்த்தேன்.

எல்லோருக்கும் பிடிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், பாட்டு நன்றாக இருந்தது, மற்றது வீட்டில் கதைக்கிற கதை, தலைமையுரை இல்லை என்றார். மேடையில் தன் பெயரைச் சொல்லவில்லை என்று ஓர் அனுசரணையாளர் மனவருத்தத்தோடு போனார். பொய் பற்றிய வசனத்துக்காக ஒரு தாய் என்னை மறித்துக் கேட்டா. என் பதில் அவவுக்குத் திருப்தியில்லை. எடிசன் அக்கா, நீங்கள் கேட்ட அதே கேள்விதான்.

இன்னொன்று. சாப்பாட்டு வரிசையில் மகள் என்னிடம், "அப்பா, நீங்களும் பயந்தனீங்களா?" என்று கேட்டாள். பயந்தேன் என்றேன். என்ன சொன்னீங்கள் அவைக்கு என்று கேட்டாள். சோற்றுத் தட்டோடு ஓரமாகப் போய் இருந்து சொன்னேன்.

எடிசன்அம்மா | நவம்பர் 30, மாலை 6.50

அந்தத் தாய் இடத்தில் நான் இருந்திருந்தாலும் கேட்டிருப்பேன். இன்னும் எனக்கு முடிவு வரவில்லை. ஆனால் வீடியோ இருந்தால் அனுப்புங்கள், பையனுக்குக் காட்ட வேண்டும். யாழ்ப்பாணப் பேச்சு அவனுக்கு எவ்வளவு பிடிபடும் என்றும் பார்க்கிறேன்.

பனிக்காலம் | நவம்பர் 30, இரவு 11.40

அடுத்த வருடம் அந்த ஒரு நிமிட ஆங்கிலப் பகுதியை என்னிடம் தருவீர்களா? நான் உங்கள் ஊர் இல்லை, பரவாயில்லை என்றால்.

வடலி | டிசம்பர் 1, காலை 7.00

தருகிறேன். ஆங்கிலம் மட்டும் இல்லை, தமிழிலும் ஒரு நிமிடம். உங்கள் அம்மா விமானத்தில் வந்த கதையை அவவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.